நேரத்தோடு வந்த 40 பேருக்கு நோட்டீஸ்: ஒரு நையாண்டித் தலைப்பு உருவாகும் விதம்

கேள்வி: “எங்கள் அலுவலகத்தில் நேரம் தவறாமை பற்றிய பயிற்சிக் கூட்டம் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. தாமதமாக வந்தவர், பயிற்சி கொடுக்க வந்தவரேதான். அன்றைய வேலை ஏன் தேங்கியது என்று கடைசியில் காத்திருந்த எங்களிடமே விளக்கம் கேட்டார்கள். கிட்டத்தட்ட 40 பேர். இதை நையாண்டிச் செய்தித் தலைப்பாக எழுதிப் பார்க்கிறேன். ஒன்று வெறும் ஜோக்காகிவிடுகிறது, இல்லையென்றால் சாதாரணச் செய்தியாகிவிடுகிறது. நடந்த கூத்தை நம்பும்படி ஒரே வரியில் அடக்குவது எப்படி?”

நீங்கள் சொல்லும் இரண்டு தோல்விகளுக்கும் காரணம் வேறு வேறு. ஜோக்காகிவிடும் வரியில் எழுதியவரின் சிரிப்புச் சத்தம் நமக்குக் கேட்டுவிடுகிறது. சாதாரணச் செய்தியாகிவிடும் வரியிலோ, எழுதியவர் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார் என்பதே தெரிவதில்லை. நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் துணையாசிரியராக இருந்து பல ஆண்டுகள் தலைப்பு வைத்தவன். அதற்குப் பிறகு ஒரு வார இதழுக்கு நையாண்டிச் செய்திகள் எழுதினேன். முதல் வேலையில் படிந்த பழக்கம்தான் இரண்டாவது வேலைக்கு மூலதனமாக இருந்தது. நையாண்டித் தலைப்பு எழுதுகிறவர் முதலில் ஒழுங்கான, சுவையே இல்லாத ஒரு செய்தித் தலைப்பை எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நகைச்சுவை உணர்வு நிறைய உள்ளவர்கள் இதில் தடுக்கி விழுவதையும், கலகலப்பே இல்லாத துணையாசிரியர்கள் இதைச் சர்வசாதாரணமாக எழுதிவிட்டுப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சம்பவத்தையே எடுத்துக்கொண்டு போவோம். நீங்கள் எழுதிப் பார்த்த வரிகளைக் கொடுக்கவில்லை என்றாலும், முதல் முயற்சி ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்: “நேரம் தவறாமை வகுப்பு எடுக்க வந்தவரே இரண்டு மணி நேரம் லேட்டாக வந்த வேடிக்கை!” இதில் மூன்று இடங்களில் எழுதியவர் எட்டிப் பார்க்கிறார். ‘வந்தவரே’ என்பதில் உள்ள ஏகாரம் வாசகரின் விலாவில் இடிக்கிறது. ‘வேடிக்கை’ என்ற சொல், வாசகர் செய்ய வேண்டிய வேலையை அவருக்கு முன்பே செய்துவிடுகிறது. ஆச்சரியக்குறி மீதியையும் முடித்துவைக்கிறது. நையாண்டித் தலைப்பை எழுதும் கற்பனைச் செய்தியாளருக்கு நடந்தது எதுவும் விசித்திரமாகப் படக் கூடாது. அவருக்கு இது இன்னொரு நாள், இன்னொரு செய்தி, பக்கத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அவர் அசராமல் இருப்பதற்கும் நடந்தது அபத்தமாக இருப்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் வாசகருக்குச் சிரிப்பு வருகிறது. அந்த இடைவெளியை ‘வேடிக்கை’, ‘கூத்து’, ‘அட’ போன்ற சொற்களைப் போட்டு அடைத்துவிட்டால் சிரிப்பு புறப்படுவதற்கு இடமே இருக்காது.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணம் மிகப் பழைய காலத்திலேயே கண்டிருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று, பழிப்பை மறைத்துச் சொல்வது மற்றொன்று. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், இந்தப் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன, என் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லனுடைய சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்று சொன்ன புறநானூற்றுப் பாட்டில் வசைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு இடங்களில் கண்டதை ஒரு செய்தியாளரைப் போல எடுத்துச் சொல்கிறார். எது போருக்குப் போன ஆயுதம் என்ற முடிவைக் கேட்பவனே எடுத்துக்கொள்கிறான். நையாண்டித் தலைப்பு இந்தக் கரந்த அங்கதத்தின் வழியில் வருவது. கோபத்தை வெளிப்படையாகக் கொட்ட வேண்டுமென்று தோன்றினால் அதற்குத் தலையங்கமும் ஆசிரியருக்குக் கடிதமும் இருக்கின்றன.

அடுத்த முயற்சியில் இந்தக் குறைகளைக் களைந்தால் இப்படி வரும்: “நேரம் தவறாமைக் கூட்டம் 2 மணி நேரம் தாமதம்”. இது உண்மையில் நல்ல வரி. வினைமுற்று இல்லாமல் ‘தாமதம்’ என்ற பெயர்ச்சொல்லில் நிற்பது, நம் நாளிதழ்கள் ‘திறப்பு’, ‘கைது’, ‘ஒத்திவைப்பு’ என்று முடிக்கும் அதே வார்ப்பு. அடைமொழி இல்லை, கருத்து இல்லை, பொய்யும் இல்லை. வார இதழின் துணுக்குப் பக்கத்துக்கு இது போதும். ஆனாலும் நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன குறை இதில் இருக்கிறது. படித்தவர் புன்னகைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார், ஏனென்றால் இங்கே இருப்பது ஒரு முரண் மட்டுமே. தீயணைப்பு நிலையத்தில் தீப்பிடிப்பதும் இந்த வகையில்தான் சேரும். அது தற்செயல், அதில் யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. நையாண்டிக்குத் தற்செயல் போதாது, யாரோ ஒருவர் நல்ல நினைவோடு, முறைப்படி கையெழுத்துப் போட்டு ஒரு தவற்றைச் செய்திருக்க வேண்டும்.

அப்படி ஒன்று உங்கள் சம்பவத்தில் இருக்கிறது. அதை நீங்கள் கேள்வியின் மூன்றாவது வரியில், போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். பயிற்சியாளர் தாமதமாக வந்தது நிகழ்ச்சி. காத்திருந்தவர்களிடம் விளக்கம் கேட்டது தீர்மானம். முன்னதற்குச் சாலை நெரிசல் காரணமாக இருந்திருக்கலாம், பின்னதற்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது. நடந்த நிகழ்ச்சியே அபத்தமாக இருக்கும்போது அதை இன்னும் பெரிதாக்க முயல்வதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இரண்டு மணி நேரத்தை இரண்டு நாளாக்குவார்கள், பயிற்சியாளரை வாசலிலேயே தூங்க வைப்பார்கள். அதற்குப் பதிலாக நிகழ்ச்சியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடுத்தபடியாக அலுவலகம் தன் இயல்புப்படி என்ன செய்தது அல்லது என்ன செய்திருக்கும் என்று பார்க்க வேண்டும். நிறுவனங்கள் நடந்துகொள்ளும் விதம் எல்லோருக்கும் பழக்கமானது என்பதால், அந்த இரண்டாவது அடியை வாசகர் தயங்காமல் நம்பிவிடுவார். உங்களுக்கு அந்த இரண்டாவது அடியைக் கற்பனை செய்ய வேண்டிய தேவைகூட இல்லாமல் போயிற்று.

ஆகவே வரியின் பொருள் இப்போது கையில் இருக்கிறது: நேரத்துக்கு வந்தவர்கள் குற்றவாளிகளானார்கள். இனி இதை அடக்குவது சொல்வரிசை பற்றிய வேலை. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து, முடிக்கும் சொல் கடைசியில் வருவதால், கேலியை எங்கே வைப்பது என்பதில் நமக்கு வசதியும் உண்டு, சிக்கலும் உண்டு. முழுவதையும் சொல்லிப் பார்த்தால், “பயிற்சியாளர் 2 மணி நேரம் தாமதமாக வந்த நேரம் தவறாமைப் பயிற்சிக்கு நேரத்தோடு வந்த 40 பேரிடம் பணி தேங்கியது குறித்து விளக்கம் கேட்டு நோட்டீஸ்” என்று ஒரு சரக்கு ரயில் கிடைக்கும். எல்லாப் பெட்டியும் வரிசையாக இருக்கிறது, எதையும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் படிப்பவர் கடைசிப் பெட்டிக்கு வந்து சேரும்போது முதல் பெட்டியை மறந்திருப்பார். இங்கே வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்பதுதான் மனத்துக்குக் கஷ்டமான கட்டம், ஏனெனில் நீங்கள் முதலில் சிரித்தது பயிற்சியாளரைப் பார்த்துத்தான். அவரைத்தான் வெட்ட வேண்டும். ஒரே வரியில் இரண்டு வேடிக்கைகள் இருந்தால் வாசகர் இரண்டுக்கும் நடுவே நின்றுவிடுவார். பயிற்சியாளர் தாமதமாக வந்த விவரத்தைத் தலைப்புக்குக் கீழே வரும் செய்தியின் முதல் வாக்கியத்துக்கு அனுப்பிவிடலாம், அங்கே அது இன்னொரு சிரிப்பாகப் பயன்படும்.

பயிற்சியாளரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது: “நேரம் தவறாமைப் பயிற்சிக்கு நேரத்தோடு வந்த 40 பேருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ்”. பத்துச் சொற்கள், படிக்க முடிகிறது. இன்னும் இரண்டு மாற்றங்களைச் செய்வேன். நம் செய்தித்தாள்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முக்காற்புள்ளி வடிவம் இருக்கிறதே, முதலில் விவகாரத்தின் பெயர், பிறகு அதில் நடந்தது, அதற்குள் இதைப் போட்டால் முதல் பாதியை வாசகர் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுவார். ‘விளக்கம் கேட்டு’ என்பதையும் எடுத்துவிடலாம், ஏனெனில் ‘நோட்டீஸ்’ என்ற சொல்லிலேயே அது அடங்கியிருக்கிறது. “நேரம் தவறாமைப் பயிற்சி: நேரத்தோடு வந்த 40 பேருக்கு நோட்டீஸ்”. எட்டுச் சொற்கள். ‘நேரம்’ இரண்டு முறை வருவதைச் செய்தி மேசையில் திருத்தியிருப்பார்கள், இங்கே திருத்தக் கூடாது. முதல் முறை அது போதனையாக வருகிறது, இரண்டாம் முறை குற்றமாக வருகிறது. கேலி முழுவதும் ‘நேரத்தோடு வந்த’ என்ற பெயரெச்சத்தில் இருக்கிறது. இறுதிச் சொல்லான ‘நோட்டீஸ்’ வறண்ட, ரப்பர் முத்திரை போன்ற சொல்லாக இருப்பது எனக்குப் பிடிக்கும். வெடிக்கும் சொல்லைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று நகைச்சுவை எழுதுகிறவர்கள் சொல்வது மேடைப் பேச்சுக்குப் பொருந்தும். தமிழ்த் தலைப்பில் கடைசி இடம் ‘தகவல்’, ‘உறுதி’, ‘வலியுறுத்தல்’ போன்ற சொற்களுக்கென்றே பழகிப்போன இடம். அங்கே புதுமையான சொல்லை உட்கார வைத்தால் தலைப்பின் வேஷம் கலைந்துவிடுகிறது. இதை உறுதியான விதியாகச் சொல்ல மாட்டேன், இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்ததில் எனக்கு வந்த கணிப்பு.

இந்த வரியில் ஒரு சிறு பொய் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்களிடம் விளக்கம் கேட்டார்கள் என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக வாய்மொழியாகக் கேட்டிருப்பார்கள், நான் அதை நோட்டீஸ் ஆக்கிவிட்டேன். மிகைப்படுத்தலுக்கு இந்த வகை எழுத்து தரும் இடம் இவ்வளவுதான். அரை அடி, அதுவும் அந்த அலுவலகம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திசையிலேயே. ‘40 பேர் பணி நீக்கம்’ என்று எழுதினால் ஒன்றரை அடி ஆகிவிடும்; நம்பிக்கை கெட்டு, வாசகர் “சும்மா எழுதியிருக்கிறார்” என்று முடிவு செய்துவிடுவார். எண் விஷயத்திலும் இதே அளவுதான். 40 என்பது ஒரு கூடத்தில் அடங்கும் கூட்டம். 4,000 என்றால் கார்ட்டூன் ஆகிவிடும். ‘பலர்’ என்றால் செய்தியாளர் எண்ணிப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். ‘2 மணி நேரம்’, ‘40 பேர்’ என்று இரண்டு எண்களை ஒரே வரியில் வைப்பதையும் தவிர்க்கிறேன், கண் அவற்றை ஒப்பிட ஆரம்பித்து வேலையை மறந்துவிடும்.

பயிற்சியாளரை விட மனமில்லை என்றால் அவரைக் குறிவைத்துத் தனியாக ஒரு வரி எழுதலாம். “தாமதத்தின் விளைவுகள்: 2 மணி நேரச் செயல்முறை விளக்கம் அளித்தார் பயிற்சியாளர்”. இது வஞ்சப்புகழ்ச்சி, அவருடைய குற்றத்தையே அவருடைய பணியாக மாற்றிச் சொல்கிறது. சத்தம் போட்டுச் சிரிப்பவர்கள் இதற்குத்தான் அதிகம் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியும் நான் முந்தைய வரியையே எடுப்பேன். இதில் ‘செயல்முறை விளக்கம்’ என்ற இடத்தில் எழுதியவரின் சாமர்த்தியம் தெரிகிறது, ஒரு கண் சிமிட்டுகிறது. மேலும் இது ஒரு தனி மனிதரின் தாமதத்தோடு நின்றுவிடுகிறது. நோட்டீஸ் வரியோ, யாருடைய நேரம் நேரமாகக் கணக்கில் வருகிறது என்ற இடத்துக்குப் போகிறது, அதுவும் அதைச் சொல்லாமலே. கேலிக்கு இரண்டு பேர் கிடைத்தால், கூடுதல் அதிகாரம் உள்ளவரைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். நெறி என்று இதற்குப் பெயர் கொடுக்கலாம், எனக்கு அது பெரும்பாலும் தொழில் கணக்கு. அதிகாரத்தில் இருப்பவர் தவறாக எடுத்த முடிவுக்கு ஆவணம் இருக்கும், ஆவணம் இருக்கும் இடத்தில் செய்தி மொழி தானாகவே பொருந்தும்.

செய்தியை எழுதிவிட்டுத் தலைப்பு வைப்பது நாளிதழ் முறை. நையாண்டியில் அது தலைகீழ். 1988-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரில் தொடங்கப்பட்ட ‘தி ஆனியன்’ இதழில் எழுத்தாளர்கள் முதலில் தலைப்புகளை மட்டுமே நூற்றுக்கணக்கில் எழுதிக் கொண்டுவந்து, கூடியிருந்து படித்துப் பார்த்து, தேறும் சிலவற்றுக்கு மட்டும் பிறகு செய்தி எழுதினார்கள். அவர்களுடைய மிகப் பிரபலமான தலைப்பு, 2014-ல் அங்கே நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்தது. தமிழ்ச் செய்தி வார்ப்பில் அதை இப்படிச் சொல்லலாம்: “‘இதைத் தடுக்க வழியே இல்லை’: இது அடிக்கடி நடக்கும் ஒரே நாடு திட்டவட்டம்”. மேற்கோள், முக்காற்புள்ளி, சொன்னவர், ‘திட்டவட்டம்’ என்று நாம் தினமும் பார்க்கும் வடிவம்தான். மேற்கோளில் கேலி இல்லை, அரசியல்வாதிகள் சொல்லும் வழக்கமான வாசகம். சொன்னவர் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயருக்குப் பதிலாக ஓர் உண்மை வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பிறகு இத்தகைய துப்பாக்கிச் சூடுகள் நடந்தபோதெல்லாம் இடத்தையும் எண்ணிக்கையையும் மாற்றி அதே செய்தியை, அதே தலைப்போடு அவர்கள் திரும்பத் திரும்ப வெளியிட்டார்கள். முதல் தடவை படித்தபோது அது புத்திசாலித்தனமான வரியாக இருந்தது, பத்தாவது தடவை சிரிப்பே வரவில்லை, வரக் கூடாது என்றுதான் அவர்களும் எண்ணியிருக்க வேண்டும். ஒரு பொய்கூடச் சொல்லாமல் நையாண்டி செய்ய முடியும் என்பதற்கு இந்த இதழிலிருந்தே இன்னொரு தலைப்பையும் காட்டலாம்: உலக இறப்பு விகிதம் மாற்றமின்றி 100 சதவீதமாக நீடிக்கிறது என்பது அது. பணவீக்கத்தைப் பற்றி எழுதும் புள்ளிவிவர நடையைக் கடன் வாங்கியதைத் தவிர அதில் வேறு எந்தத் தந்திரமும் இல்லை.

நீங்கள் ‘நம்பும்படி’ என்று கேட்டதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. நான் எழுதிய வரிகளில் ஒன்று, “காணாமல் போன கோப்பைத் தேட அமைத்த குழுவின் கோப்பு மாயம்”. வெளியான வாரத்தில், ஓர் அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவர் இதழைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் குழுவின் கோப்பு எண் என்ன என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன், இல்லை, அவருக்கு அது நிஜமாகவே தேவைப்பட்டது. அவர்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு குழு இருந்திருக்கிறது. அன்று மாலை வரை எனக்குப் பெருமையாக இருந்தது, பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது. தனி மனிதர்கள் மட்டும்தான் ஏமாறுவார்கள் என்பதில்லை. 2012-ல் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னை அந்த ஆண்டின் மிகக் கவர்ச்சியான ஆண் என்று ‘தி ஆனியன்’ எழுதியதை, சீனாவின் ‘பீப்பிள்ஸ் டெய்லி’ இணையதளம் நம்பி, 55 படங்களோடு வெளியிட்டது. பத்தாண்டுகளுக்கு முன்பு, 2002-ல், புதிய கட்டடம் கட்டித் தராவிட்டால் வேறு நகரத்துக்குப் போய்விடுவோம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் மிரட்டுவதாக அதே இதழ் எழுதியதை பெய்ஜிங்கின் மாலை நாளிதழ் ஒன்று செய்தியாகவே போட்டது. இரண்டிலும் செய்தி நடை கச்சிதமாக இருந்தது. அந்த நாட்டு விளையாட்டு அணிகள் மைதானம் கேட்டு மிரட்டுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டுமே இரண்டாவது தலைப்பின் கேலி புரிந்திருக்கும்.

ஆகவே நம்பும்படி என்பதற்கு ஒரு கால அளவு வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் ஓரிரு வினாடி நம்ப வேண்டும், அதற்குள் அவரே விழித்துக்கொள்ளவும் வேண்டும். அந்த விழிப்பைத் தருவதற்கு வரிக்குள் ஒரு சொல்லாவது உண்மைச் செய்தியில் வர முடியாததாக இருக்க வேண்டும். நம் வரியில் அது ‘நேரத்தோடு வந்த’. என் கோப்பு வரியில் அப்படி ஒரு சொல் இல்லை, எல்லாமே நடக்கக்கூடியவை, அதனால்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மேலே ‘நையாண்டி’ என்று அடையாளம் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2014-ல் ஃபேஸ்புக் அப்படி ஓர் அடையாளத்தைச் சோதனையாகச் சேர்த்துப் பார்த்தது. மறுபக்கத்தில், 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த ஒரு வழக்கில் ‘தி ஆனியன்’ தாக்கல் செய்த மனு, முன்கூட்டியே இது கேலி என்று அறிவிக்க வேண்டுமென்றால் கேலியே செயலிழந்துவிடும் என்று வாதிட்டது. வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள நீதிமன்றம் அடுத்த ஆண்டு மறுத்துவிட்டது. இந்தத் தகராறில் எனக்கு உறுதியான தரப்பு கிடையாது. ஒரு நையாண்டி இதழுக்குள் வரும் வரிக்கு அடையாளம் தேவையில்லை, இதழின் பெயரே அடையாளம். அதே வரி பெயரில்லாமல், படமாக வெட்டப்பட்டு, கைபேசிக்குக் கைபேசி போகும்போது நிலைமை வேறு. உயிர், மருந்து, தேர்தல் நாள், கலவரம் ஆகியவற்றைத் தொடும் வரிகளை நான் அந்த வழியில் அனுப்புவதில்லை, அடையாளத்தோடும் அனுப்புவதில்லை.

உங்கள் வரியைப் பொறுத்தவரை அத்தகைய அபாயம் எதுவும் தெரியவில்லை. அலுவலகத்துக்குள் வேறு விதமான அபாயம் இருக்கலாம், அதை நீங்கள்தான் அறிவீர்கள். வரியில் அலுவலகத்தின் பெயரோ பதவியின் பெயரோ வராமல் இருப்பது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, சுவைக்கும் நல்லது. பெயர் வந்தால் வெளியாள் படிக்கும்போது “அவர் யார்” என்று யோசிக்க நின்றுவிடுவார். தன் அலுவலகத்தில்தான் நடந்தது என்று படிப்பவர் ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ளட்டும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். சம்பவம் தெரியாத ஒருவரிடம், வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலில், முகத்தில் எதையும் காட்டாமல் அந்த வரியை ஒரு முறை வாசியுங்கள். ‘வந்த’ என்ற சொல்லுக்கு அருகில் அவர் முகம் மாறினால் வரி சரியாக இருக்கிறது. முடித்த பிறகு “எதுக்கு நோட்டீஸ்?” என்று கேட்டால் ‘விளக்கம் கேட்டு’ என்ற இரண்டு சொற்களைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள், நான் தேவைக்கு மேல் வெட்டியிருக்கிறேன் என்று அர்த்தம். நீங்கள் வாசிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அது வரியின் குற்றமில்லை, அன்று அந்தக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். ‘கிட்டத்தட்ட 40’ என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, வருகைப் பதிவேட்டைப் பார்த்து 38 என்றால் 38 என்றே போட்டுவிடுங்கள். முழு எண்ணைவிட அது இன்னும் செய்தி போல இருக்கும்.